புளி போட்டுத் தேய்த்த பித்தளை

பாத்திரத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை. பாபநாசம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மாள், "பாத்திரத்துல எழுதுறதுன்னா, பேர் வெட்டுறீங்களா?" என்று கேட்டார். பேர் வெட்டுகிறவருக்காவது ஒரு மதிப்பு உண்டு. கல்யாண சீசனில் அவர் முன்னால் வரிசையே நிற்கும். நான் எழுதுவதை வாங்கினவர்கள் படிப்பதே இல்லை. படிக்காமல் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டுப் பிறகு எனக்குப் போன் செய்து திட்டுவார்கள்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை. முன்னே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தேன். அந்த வேலை போன பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். முதலாளி அப்போதுதான் இணையத்தில் விற்க ஆரம்பித்திருந்தார். சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டி பெட்டியாகப் போகும், பாதி அப்படியே திரும்பி வரும். "டீச்சர், நீங்க தமிழ் படிச்சவங்க. சண்டை வராத மாதிரி எழுதிக் குடுங்க" என்றார். எனக்கோ மூக்கு மேல் கோபம். சண்டை வராமல் எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார் பாருங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு விவரக் குறிப்பு. கடைப் பக்கத்தில் அது படத்துக்குக் கீழே இருக்கும், பெட்டிக்குள் ஒரு அட்டையாகவும் போகும். எழுதுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துச் சமைத்துப் பார்த்தேன். வாங்குகிறவர்கள் எங்கெல்லாம் தப்புச் செய்வார்கள் என்று தெரிந்தால்தானே அங்கே கை வைத்து எழுத முடியும்.

வார்ப்பிரும்பு தோசைக்கல்லுக்கு வரும் புகார் ஒன்றேதான்: மாவு ஒட்டுகிறது, கறுப்பாக வருகிறது. கல்லை வாங்கி வந்த அன்றே அடுப்பில் போட்டு மாவை ஊற்றினால் ஒட்டாமல் என்ன செய்யும்? முதலில் அதைப் பழக்க வேண்டும். வெந்நீரில் ஒரு முறை தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியில் ஊறவைத்து, மறுபடியும் கழுவி, ஈரம் போக அடுப்பில் காய வைக்க வேண்டும். பிறகு நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி, ஆறவிட்டுத் துடைத்து, மறுபடியும் தடவிக் காய்ச்ச வேண்டும். இப்படி நாலைந்து தரம். அதன் பிறகு பாதி வெங்காயத்தால் தேய்த்துவிட்டு ஊற்றினால் தோசை எழும்பி வரும். அப்போதும் முதல் இரண்டு மூன்று தோசை கறுப்பாகத்தான் வரும், இரும்பு வாடை அடிக்கும். 'முதல் தோசைகளை யாரும் சாப்பிட வேண்டாம், எறிந்துவிடுங்கள்' என்று தடித்த எழுத்தில் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் புகார் குறைந்தது. காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும் என்பதையும் சேர்த்தேன்.

மண்சட்டிக்காரர்கள் இன்னொரு ரகம். 'சட்டி ஒழுகுகிறது, பணத்தைத் திருப்பிக் கொடு' என்பார்கள். புதுச்சட்டி வியர்க்கத்தான் செய்யும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, சிறுதீயில் கஞ்சியைக் காய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத துளையெல்லாம் அடைபடும். எடுத்த எடுப்பில் கேஸை முழுசாகத் திருப்பி வைத்தாலும், கொதிக்கிற சட்டியை ஈரமான கிரானைட் மேடையில் இறக்கினாலும் வெடிக்கும். பிரிமணை இல்லையென்றால் பழைய துணியையாவது சுருட்டி வையுங்கள் என்று எழுதினேன். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் அதைக் குடித்துக்கொண்டு மறுநாள் மீன் குழம்பில் கக்கும் என்று எழுதினேன். 'கக்கும்' நன்றாக இல்லை என்று முதலாளி அடித்தார். நான் திரும்பவும் போட்டேன்.

பித்தளையில்தான் பெரிய சண்டை வந்தது.

பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளீயம் பூசி வரும். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், கொஞ்சம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பார்க்க அழகில்லை. ஆனால் புளியும் தயிரும் எலுமிச்சையும் பித்தளையைத் தொடாமல் காப்பாற்றுவது அந்தப் பூச்சுதான். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் அது உருகிவிடும். கரகரப்பாக எதையாவது போட்டுத் தேய்த்தால் தேய்ந்துவிடும். அடியில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் மறுபடியும் ஈயம் பூசிக்கொள்ள வேண்டும், அதுவரை அதில் புளிப்பு எதுவும் வைக்கக் கூடாது. நான் எழுதியது இது: 'புளி போட்டு வெளிப்பக்கத்தை மட்டும் தேய்க்கவும். உள்ளே தேய்த்தால் ஈயம் போய்விடும். ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டால் வாந்தி வரும்.'

முதலாளி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், இதை முக்காவாசி பேர் சீருக்கு வாங்குறாங்க. பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்புற பாத்திரத்துல வாந்தின்னு எழுதி ஒட்டுனா யாருங்க வாங்குவா?"

"வாந்தி எடுத்த பிறகு வாங்குவாங்களா சார்?"

"இந்த ஊர்ல பித்தளை தெரியாதவங்க யாரு? அதெல்லாம் அவங்களுக்கே தெரியும். மங்களகரமா எழுதுங்க."

கடைசியில் அட்டையில் ஏறியது, 'உள்பக்கத்தை மென்மையாகக் கழுவவும்.' கடை அவருடையது. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன், அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

அட்டைகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது. ஒரு பெண்பிள்ளை. பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, பித்தளையில சமைச்சா வாந்தி வருமா?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். யாராவது போனில் எதையாவது பார்த்துவிட்டுக் கேட்பார்கள். "ஈயம் பூசினதும்மா. ஒண்ணும் ஆகாது" என்றேன், ஒரு வாய்ச் சோற்றை எடுத்துக்கொண்டே.

"எங்க வீட்ல மூணு பேருக்கு வந்துருச்சுக்கா. மாமனாருக்கு, அத்தைக்கு, அவருக்கு. மாமனார் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில இருக்காரு. இன்னும் டிரிப்ஸ் ஏறுது."

"உனக்கு?"

"நான் சாப்பிடலக்கா. அதான் பிரச்சனையே."

டப்பாவை மூடினேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பிறந்த வீடு நீடாமங்கலம் பக்கம், கட்டிக்கொடுத்தது பாபநாசத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சீரில் எங்கள் கடைப் பித்தளைக் குண்டான் இரண்டு போயிருக்கிறது. திங்கட்கிழமை சாயங்காலம் ஒன்றில் வத்தக்குழம்பு வைத்திருக்கிறாள். வத்தக்குழம்பு மறுநாள்தான் ருசி என்பார் மாமனார். ராத்திரி முழுக்கக் குழம்பு அதிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை சூடுபண்ணிப் போட்டாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு விரதம், பழம் மட்டும்தான். சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்திலேயே வீடு முழுக்க வாந்தி. மூன்று பேரும் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் தண்ணீர்ச் செம்போடு நின்றிருக்கிறாள்.

"கலந்து வச்சுட்டு விரதம்னு சொல்லிட்டான்னு அத்தை சொல்றாங்க. வீட்டுக்காரரோட சித்தப்பா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும்கிறாரு. மாமனார் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நிக்குது. என்னை எங்கப்பா வந்து கூட்டிட்டு வந்துட்டாரு. எங்கம்மாவே நேத்து ஒரு மாதிரி கேட்டாங்கக்கா, உண்மைய சொல்லுடின்னு."

பெற்ற தாய் இப்படியா கேட்பாள். ஆனாலும் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"குண்டான் உள்ள என்ன நிறமா இருக்கும்மா?"

"மஞ்சளாக்கா. தங்கமாட்டம்."

"வாங்கும்போது?"

"வாங்கும்போது உள்ள வெள்ளையா, திட்டுத்திட்டா இருந்துச்சு. அத்தை அது கறைன்னாங்க. புளியும் செங்கப்பொடியும் போட்டு உள்ளயும் தேய்க்கச் சொன்னாங்க. மென்மையா கழுவணும்னு அட்டையில போட்டுருக்குன்னு சொன்னேன். மென்மையா கழுவுனா பித்தளை எப்படிடி பளிச்சுனு வரும்னாங்க. தினம் தேய்ச்சேன், கையெல்லாம் புண்ணாயிருச்சு. முழுசா மஞ்சளா வந்த அன்னைக்கு அக்கம்பக்கத்துல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாங்க. அவங்க என்னை நல்லா சொன்னது அந்த ஒரு நாள்தாங்க்கா."

அவள் குற்றமற்றவள் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம், தெரிய வேண்டியவர்களுக்கு அல்லவா தெரிய வேண்டும். "நீ ஒண்ணும் பண்ணலம்மா. ஈயம் போயிடுச்சு, புளி பித்தளையைத் தின்னுருக்கு, அவ்வளவுதான். நான் வந்து சொல்றேன்" என்றேன். "வந்து சொல்லுவீங்களாக்கா?" என்று கேட்டாள், நான் சொன்னது காதில் சரியாக விழவில்லை போல.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்ததும் கடைதான் வந்தது.

"நாமளே போயி எங்க பாத்திரத்தாலதான்னு சொன்னா, அந்தச் சித்தப்பா ஸ்டேஷனுக்கு நம்ம பேர்லல்ல எழுதிக் குடுப்பாரு?"

"குடுக்கட்டும். நம்ம பித்தளைக்குப் பதில் சொல்ல நமக்கு வாய் இருக்கு. அந்தப் பொண்ணுக்கு யாரு சார் இருக்கா?"

"தேய்ச்சது அவங்க தப்பு டீச்சர்."

"தேய்க்காதீங்கன்னு நாம சொன்னமா?"

மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார். கடைசியில், "போறதா இருந்தா போங்க. கடை அனுப்புச்சுன்னு சொல்லாதீங்க" என்றார். அலமாரியிலிருந்து அதே அளவில் புதுக் குண்டான் ஒன்றை எடுத்துப் பையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

மாமனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவள் சொன்ன பிறகு, கடை விடுமுறை நாளில் போனேன். மெயின்ரோட்டில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். சம்பா நடவு முடிந்து இரண்டு பக்கமும் பச்சை. வீடு புதுக் கான்கிரீட் வீடு, முகப்பில் டைல்ஸ் ஒட்டியிருந்தது. முன்னறையில் கட்டிலில் மாமனார் படுத்திருந்தார். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு, வாந்தியில் நீரெல்லாம் போய்க் கன்னம் ஒட்டிக் கிடந்தது. அந்தப் பெண்ணின் கணவன் நாற்காலியை எடுத்துப் போட்டான். இருபத்தெட்டு முப்பது வயது இருக்கும், படித்த பிள்ளை, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். "அவ வீட்டு ஆளாங்க?"

"இல்லக்கா. பாத்திரம் வித்த கடையில வேலை பாக்குறேன்." முதலாளி சொன்னதெல்லாம் வாசலோடு போயிற்று. "அந்தக் குண்டானைப் பாக்கணும்."

சித்தப்பா சொன்னதால் அதைக் கழுவாமல், பாலித்தீன் பையில் போட்டுப் பரணில் வைத்திருந்தார்கள். கணவன் எடுத்துவந்தான். பையைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் தகதகத்தது, வெள்ளையே மிச்சமில்லை. குழம்பு நின்ற இடத்தில் மட்டும் சுற்றிலும் ஒரு கோடு காய்ந்திருந்தது. அந்தக் கோட்டின் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

பக்கத்தில் புதுக் குண்டானை வைத்தேன். "ரெண்டும் ஒரே குண்டான்தான். வரும்போது உள்ள இப்படி வெள்ளையாத்தான் வரும். இது கறை இல்லக்கா, ஈயம். புளி பித்தளையைத் தொடக் கூடாதுன்னு பூசுறது. தேய்ச்சு எடுத்துட்டா புளி பித்தளையைக் கரைச்சு குழம்புல இறக்கிடும். ராத்திரி பூரா இருந்துச்சுன்னா கேக்கவே வேணாம்."

மாமியார் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தார். விரலால் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"களிம்பு" என்றார்.

"ஆமாக்கா. களிம்புதான். உங்களுக்குத் தெரிஞ்சதுதானே?"

"தெரியாம? குடத்துல இது பூத்திருந்தா எங்கம்மாவுக்கு அடி விழும்." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெரிய வீட்டுக் கொல்லையில எங்கம்மாகூட நானும் தேய்ச்சவதாங்க. தண்ணிக் குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் கொல்லைக்கு வரும். புளியும் செங்கப்பொடியும் போட்டு உள்ளயும் வெளியயும் மூஞ்சி தெரிய தேய்க்கணும். அந்த வீட்டம்மா கையை உள்ள விட்டுப் பாக்கும்."

"சமையக்கட்டுப் பாத்திரம்?"

"அதை நாங்க எங்க பாத்தோம்? அதெல்லாம் அவங்களே கழுவிக்குவாங்க. நாங்க தொடக் கூடாதுல்ல." அவர் என்னை நேராகப் பார்த்தார். "சமைக்கிற பித்தளைக்கு உள்ள வெள்ளையா இருக்கும்னு யாரும் எங்களுக்குக் காட்டலீங்க."

நான் பிறந்த வீட்டுக்கும் அப்படி ஒரு கொல்லை இருந்தது. அங்கேயும் இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து தேய்ப்பார்கள், குடத்தைத் திருப்பி வைக்கும்போது சிணுங்குகிற அவர்களுடைய வளையல் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பித்தளை தெரியாதவர் இந்த ஊரில் யார் என்று முதலாளி கேட்டாரே, அவர் சொன்னது சரிதான். இந்த அம்மாளுக்குப் பித்தளை தெரியும், எங்களைவிட நன்றாகவே தெரியும். ஆனால் சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான் தெரிய விட்டிருந்தார்கள். நான் எழுதிய அட்டையும் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக எழுதியதுதான்.

"நம்ம வீட்டுக்கும் பித்தளை வந்துச்சேன்னு இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள். "அது மங்கிக் கெடந்தா மனசு கேக்கல."

கட்டிலிலிருந்து மாமனார், "அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாடா" என்றார் மகனிடம். குரல் எழும்பவில்லை, ஆனாலும் எல்லோர் காதிலும் விழுந்தது. கணவன் தலையை ஆட்டினான். சித்தப்பாவுக்கு அங்கேயே போன் செய்து, ஸ்டேஷன் பேச்சு வேண்டாம் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா, இவ்வளவு லேசா என்று நினைத்தேன்.

கிளம்பும்போது மாமியார் வாசல்வரை வந்தார். புதுக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க வந்தார், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க. பாத்திரம்தான். தேய்க்கச் சொன்னதும் நான்தான்" என்றார். பிறகு ஒரு நிமிஷம் நின்று, "ஆனா அன்னைக்குன்னு பாத்து அவ சாப்பிடல பாருங்க. அது மட்டும்தாங்க மனசுல நிக்குது" என்றார்.

"செவ்வாய்க்கிழமை விரதம்க்கா அவளுக்கு. எப்பவும் இருக்கிறதுதானே?"

"ஆமா. எப்பவும் இருக்கிறதுதான்" என்றார். உள்ளே போய்விட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இத்தனை நாள் பேசின பேச்சு ஒரே சாயங்காலத்தில் அடங்கிவிடுமா, போகப் போகச் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டு நாளில் அந்தப் பெண் போன் செய்தாள். வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்லி அழுதாள். நன்றி சொல்லத் தெரியாமல் என்னவெல்லாமோ சொன்னாள். நானும் அழுதேன், பிறகு அழுததற்காக அவளையே திட்டினேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொல்லையில் தேய்த்த கதை உட்பட. மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து, "அந்த வரியைப் போட்டுருங்க டீச்சர்" என்றார். "வாந்தின்னே போடட்டுமா?" என்றேன். "வாந்தின்னே போடுங்க." அத்தோடு விடவில்லை நான். படிக்காதவர்களுக்கும் புரியட்டும் என்று இரண்டு குண்டான் படம் போடச் செய்தேன், ஒன்று உள்ளே வெள்ளை, இன்னொன்று மஞ்சள், மஞ்சளின் மேல் பெரிய பெருக்கல் குறி. அதைப் போட்ட பிறகு சீருக்குக் கேட்டவர்கள் சிலர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டுக் குண்டான்கள் இரண்டையும் வரவழைத்து மறுபடியும் ஈயம் பூசி அனுப்பினார். அவற்றை அந்த வீட்டில் யாரும் அடுப்பில் ஏற்றவில்லை என்று பிறகு தெரிந்தது, பரணிலேயே இருக்கின்றனவாம்.

பொங்கல் போய், அறுவடை முடிந்து, வயலெல்லாம் உளுந்து தெளித்திருந்த சமயம். மறுபடியும் அவள் போன். இந்தத் தடவை குரல் தெளிவாக இருந்தது.

"அக்கா, நான்தான். அவர் உங்க கடையில வார்ப்பிரும்புத் தோசைக்கல் வாங்கிட்டு வந்துருக்காரு. அட்டையைப் படிச்சேன். ஆனாலும் உங்ககிட்ட ஒரு தரம் கேட்டுக்கலாம்னு."

எனக்குச் சந்தோஷம். என் அட்டையைப் படித்த ஒரே ஜீவன். கழுவுவதிலிருந்து ஆரம்பித்து, கஞ்சி, எண்ணெய், புகை, துடைப்பது, வெங்காயம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் 'ம்' போட்டுக்கொண்டே வந்தாள்.

"அப்புறம் முதல் ரெண்டு மூணு தோசையை யாரும் சாப்பிடாதீங்க, தூக்கிப் போட்டுடுங்க."

'ம்' வரவில்லை.

"கேக்குதாம்மா?"

"கேக்குதுக்கா. அதுல என்ன இருக்கும்? சாப்பிட்டா ஏதாச்சும் பண்ணுமா?"

"ஒண்ணும் பண்ணாது. கறுப்பா இருக்கும், இரும்பு வாடை அடிக்கும், வாய்க்கு நல்லா இருக்காது. அவ்வளவுதான். எதுக்கு அதைத் திங்கணும்? ரெண்டு கரண்டி மாவுதானே."

"மாவுக்காக இல்லக்கா." உள்ளே யாரோ கூப்பிட்டார்கள் போல, அவள் குரல் தணிந்தது. "முதல் தோசை நான்தான் சாப்பிடணும். எல்லாரும் உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் அவங்க தட்டு எடுப்பாங்க. குழம்புக்கும் அப்படித்தான். காப்பிக்குக்கூட. யாரும் வாய்விட்டுச் சொல்லல. திரும்பி வந்த அன்னைக்கு அத்தை எனக்கு முதல்ல போட்டாங்க. பாசம்னு நினைச்சேன்."

"உன் வீட்டுக்காரர்?"

"அவரும்தான்க்கா."

மாமனாரைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. விரதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். விட்டுவிட்டேன் என்றாள். செவ்வாய்க்கிழமை சாப்பிடாமல் இருக்க முடியாதே என்றாள்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இப்போதே பஸ் ஏறி வருகிறேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நீங்கள் வந்து சொன்னதால்தான் இந்த வீட்டில் இருக்கிறேன், மறுபடியும் வந்தால் ஏன் என்று யோசிப்பார்கள் என்றாள்.

"கல்லைத்தான் கேக்க வந்தேன்க்கா. இன்னும் எத்தனை தரம் எண்ணெய் தடவிக் காய்ச்சுனா முதல் தோசையே வெள்ளையா வரும்? கறுப்பா இருந்தா, அது என்னன்னு கேப்பாங்க."

நான் எழுதிய அட்டை என் மேஜை மேலேயே கிடந்தது. நாலைந்து தரம் என்று அதில் இருந்தது. இன்னும் நாலைந்து தரம் சேர்த்துக் காய்ச்சு, தரத்துக்குத் தரம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார், துணியில் கறுப்பு ஒட்டுகிறவரை மாவை ஊற்றாதே என்று சொன்னேன். சரிக்கா என்றாள்.